பிபிடியை மூடிவைத்துக் கேட்க வேண்டிய கேள்விகள்: காற்றாலைப் பாடத்தை வைத்து ஒரு முழு வழிகாட்டி

வகுப்பு வாட்ஸ்ஆப் குரூப்பில் சார் அனுப்பிய பிபிடியை நாலு முறை தள்ளித் தள்ளிப் பார்த்தால் ஒவ்வொரு ஸ்லைடும் கண்ணுக்குப் பழகிவிடும். ஒரு ஸ்லைடு வருவதற்கு முன்பே அடுத்து எந்தப் படம் வரும் என்று சொல்லவும் முடியும். பழகியதை நாம் தெரிந்ததாக எடுத்துக்கொள்கிறோம். தேர்வு அறையில் அந்த ஸ்லைடு கண்முன் இல்லாதபோதுதான் இரண்டும் வேறு என்பது தெரிகிறது.

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. ரோடிகர், கார்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதி மாணவர்கள் பாடத்தைத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பகுதியினர் பாடத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் தெளிவாக முந்தியிருந்தார்கள். நாளைக் காலைத் தேர்வுக்கு இன்று இரவு படிப்பவருக்கு முதல் முடிவு மட்டுமே கண்ணில் படும். அதனால்தான் திரும்பப் படிப்பது இத்தனை நம்பிக்கை தருகிறது.

ஆனால் நினைவிலிருந்து எழுதுவதோடு நின்றுவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017, 2021 விதிமுறை வினாத்தாள்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பார்ட் ஏயில் 2 மதிப்பெண் கேள்விகளுக்கு நினைவு போதும். 15 மதிப்பெண் பார்ட் சியில் பெரும்பாலும் பாடத்தில் இல்லாத ஒரு நிலைமையைக் கொடுத்து என்ன செய்வாய் என்று கேட்பார்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போகும் படிகளை நீங்களே கேள்விகளாக எழுதிக்கொள்ள முடியும். எப்படி என்று ஒரே ஒரு பாடத்தை எடுத்துக் கடைசிவரை செய்து காட்டுகிறேன்.

எடுத்துக்கொள்ளும் பாடம்

குமரி மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடைக்காது. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் பஸ்ஸில் ஆரல்வாய்மொழி தாண்டினால் முப்பந்தல் வரை இருபுறமும் காற்றாலைகள்தான். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் இருக்கும் கணவாய்க்குள் நெருக்கப்பட்டு வேகமெடுத்து வருகிற இடம் அது. மின்னியலோ இயந்திரவியலோ படிக்கும் பிள்ளைகளுக்குக் காற்றாலை மின்சாரம் பற்றி ஒரு பிபிடி கட்டாயம் வரும். அதில் வழக்கமாக இருப்பவை இவை: காற்றின் திறனுக்கான சூத்திரம், அந்தத் திறனில் அதிகபட்சம் எவ்வளவு பங்கை எடுக்க முடியும் என்று சொல்லும் பெட்ஸ் எல்லை, காற்றின் வேகத்துக்கு ஏற்ப உற்பத்தி எப்படி மாறுகிறது என்று காட்டும் வரைபடம், இயந்திரம் ஓடத் தொடங்கும் கட்-இன், முழுத் திறனை எட்டும் ரேட்டட், நிறுத்தப்படும் கட்-அவுட் என்ற மூன்று வேகங்கள், பிளேடைத் திருப்பும் பிட்ச் அமைப்பு.

சூத்திரம் இது:

```
P = ½ × ρ × A × v³ × Cp
```

ρ என்பது காற்றின் அடர்த்தி. A என்பது பிளேடுகள் சுழன்று வரும் வட்டத்தின் பரப்பு. v காற்றின் வேகம். Cp என்பது காற்றில் இருக்கும் திறனில் எவ்வளவு பங்கை இயந்திரம் எடுக்கிறது என்ற கணக்கு.

முதல் படி: ஸ்லைடில் விட்டுப்போன வாக்கியத்தை எழுதுங்கள்

கேள்வி எழுதுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பாடப்புத்தகத்தில் ‘ஆகையால்’, ‘ஆனால்’, ‘இந்த நிலையில் மட்டும்’ என்ற சொற்கள் வரிக்கு வரி இருக்கும். பிபிடியில் அவை இருக்காது. ஒரு ஸ்லைடில் நாலு புள்ளி, நாலும் தனித்தனித் துண்டு. அந்தத் துண்டுகளைக் கோத்த வாக்கியங்கள் வகுப்பில் சாரின் வாயிலிருந்து வந்தவை, பிபிடியோடு அவை வந்து சேரவில்லை.

அதனால் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் கீழே உங்கள் சொந்தச் சொல்லில் ஒரு முழு வாக்கியம் எழுதுங்கள். ‘ρ = 1.225’ என்று மட்டும் இருக்கும் ஸ்லைடுக்கு, ‘கடல்மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில், ஒரு கன மீட்டர் காற்றின் நிறை 1.225 கிலோ’ என்று எழுத வேண்டும். அந்த ‘15 டிகிரி’ ஸ்லைடில் இருக்காது. நோட்டிலோ புத்தகத்திலோ தேடித்தான் எடுக்க வேண்டும். பின்னால் நீங்கள் எழுதப்போகும் நல்ல கேள்விகள் எல்லாம் இப்படி மறைந்து கிடக்கும் நிபந்தனைகளிலிருந்துதான் பிறக்கும். ஒரு ஸ்லைடுக்கு வாக்கியம் எழுத வரவில்லை என்றால் அதில் ஒரு குறி போட்டு வையுங்கள். சாரிடம் கேட்க வேண்டிய ஸ்லைடு அதுதான்.

நினைவுக் கேள்விகள்

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். பிபிடியை மூடி வெள்ளைத்தாளில் எழுதக்கூடிய ஆறேழு கேள்விகள் போதும். சூத்திரத்தில் உள்ள ஒவ்வொரு எழுத்தும் எதைக் குறிக்கிறது, அதன் அலகு என்ன? பெட்ஸ் எல்லையின் மதிப்பு என்ன? (16/27, அதாவது சுமார் 0.593.) கட்-இன், கட்-அவுட் வேகங்கள் வழக்கமாக எவ்வளவு? (முதலாவது விநாடிக்கு 3 முதல் 4 மீட்டர், இரண்டாவது பெரும்பாலும் 25 மீட்டர்.) வரைபடத்தைப் பார்க்காமல் வரைந்து, மூன்று வேகங்களையும் அதில் குறிக்க முடியுமா?

இங்கே இரண்டு கவனம் தேவை. விடையைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் கேள்வியை எழுதாதீர்கள். ‘காற்றின் வேகம் மும்மடி என்பதால் திறன் எப்படி மாறும்?’ என்று எழுதினால் கேள்வியிலேயே விடை வந்துவிட்டது. அதோடு, ஸ்லைடின் வரிசையிலேயே கேட்டுக்கொள்ளாதீர்கள். முந்தைய விடை அடுத்த விடையைத் தூக்கிக் கொடுத்துவிடும். சீட்டுகளில் எழுதிக் கலைத்துப் போட்டு எடுங்கள்.

சூத்திரம் சரியாக நினைவிருக்கிறதா என்று பிபிடியைத் திறக்காமலே பார்க்க அலகுகள் உதவும். அடர்த்தியின் அலகையும் பரப்பின் அலகையும் வேகத்தின் மும்மடியையும் பெருக்கிப் பார்த்தால் வாட் வர வேண்டும். வேகத்தை இருமடியாக நினைவு வைத்திருந்தால் வாட் வராது, நியூட்டன்தான் வரும். அதாவது நீங்கள் எழுதியது விசைக்கான அளவு.

ஏன் என்று கேட்கும் கேள்விகள்

இந்தப் படியில்தான் பலர் வழுக்குகிறார்கள். ‘பெட்ஸ் எல்லையை விளக்குக’ என்று கேள்வி எழுதிவிட்டு, ஸ்லைடில் இருந்த மூன்று வரியை அப்படியே எழுதிவிட்டால் அது விளக்கமில்லை, நீளமான மனப்பாடம். இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. ஸ்லைடில் வந்த எந்தச் சொற்றொடரையும் பயன்படுத்தாமல் விடை எழுத முடிகிறதா?

நல்ல கேள்வி பெரும்பாலும் இரண்டு ஸ்லைடுகளுக்கு நடுவே கிடைக்கும். மும்மடி ஒரு ஸ்லைடில் இருக்கிறது. இயக்க ஆற்றல் ½mv² என்பது நாம் பத்தாம் வகுப்புக்குள் படித்தது. அப்படியானால் இருமடி எங்கிருந்து மும்மடி ஆனது? இதை நாகர்கோவிலில் இரண்டு பிள்ளைகள் தங்களுக்குள் கேட்டுக்கொண்ட விதம் இது:

“ஆற்றல்ல ரெண்டு தடவதான் வேகம் வருது. இன்னொண்ணு எங்கேருந்து மக்கா வந்துச்சு?”

“வேகமா அடிச்சா ஒரு விநாடிக்கு வட்டத்துக்குள்ள வர்ற காத்தும் கூடும்லா. அதுதான் மூணாவது.”

அந்த இரண்டாவது பிள்ளை சொன்னதில் பிபிடியின் ஒரு சொல்கூட இல்லை. விடை முழுமையாக இருக்கிறது. ஒவ்வொரு கிலோ காற்றும் அதிக ஆற்றலோடு வருகிறது, ஒரு விநாடிக்குள் வரும் கிலோக்களும் அதிகமாகின்றன.

பெட்ஸ் எல்லைக்கும் இப்படியே. ‘இயந்திரம் காற்றின் முழு ஆற்றலையும் எடுத்துவிட்டால் பிளேடுக்குப் பின்னால் என்ன நடக்கும்?’ என்று கேளுங்கள். முழுவதும் எடுத்துவிட்டால் காற்று அங்கேயே நின்றுவிடும். நின்ற காற்று பின்னால் வரும் காற்றுக்கு வழிவிடாது. ஆகவே கொஞ்சம் வேகத்தோடு அதைப் போகவிட வேண்டும். பெட்ஸ் கணக்கில், வந்த வேகத்தில் மூன்றில் ஒரு பங்கோடு வெளியேறும்போதுதான் எடுக்கும் திறன் உச்சமாகிறது. இதை உங்களால் சொல்ல முடிந்தால் 0.593 என்ற எண் மறந்துபோனாலும் Cp ஏன் ஒருபோதும் 1 ஆகாது என்பது மறக்காது.

எண்ணை மாற்றுங்கள், பிறகு நிபந்தனையை மாற்றுங்கள்

இனிப் பயன்பாடு. இதில் இரண்டு வகை இருக்கிறது, இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. பிபிடியில் உள்ள எடுத்துக்காட்டுக் கணக்கில் எண்களை மட்டும் மாற்றிப் போடுவது எளிய வகை. செய்துதான் ஆக வேண்டும், ஆனால் அதோடு நிற்கக் கூடாது.

ஒரு காற்றாலை: பிளேடு வட்டத்தின் விட்டம் 80 மீட்டர், ரேட்டட் திறன் 2000 கிலோவாட், Cp 0.40. காற்றின் வேகம் விநாடிக்கு 6 மீட்டர். எவ்வளவு கிடைக்கும்?

```
A = 3.1416 × 40² ≈ 5027
P = ½ × 1.225 × 5027 × 6³ × 0.40 ≈ 2,66,000
```

அதாவது சுமார் 266 கிலோவாட். உங்களுக்கு 1064 வந்தால் விட்டத்தை ஆரமாக எடுத்துவிட்டீர்கள். விடை சரியாக நாலு மடங்காக இருப்பதே அதற்கு அடையாளம். 665 வந்தால் Cp விட்டுப்போனது. இப்படி ஒவ்வொரு தவறும் தன் எண்ணிலேயே அடையாளத்தை விட்டுப் போகும். விடை தவறு என்று தெரிந்ததும் சரியான விடையைப் பார்த்து எழுதிவிட்டுப் போகாதீர்கள். தவறான எண்ணைச் சரியான எண்ணால் வகுத்துப் பாருங்கள்.

இப்போது வேகத்தை 12 ஆக்குங்கள். எட்டு மடங்கு, ஆகவே 2128 கிலோவாட் என்று எழுதத் தோன்றும். எழுதிவிட்டால் சூத்திர ஸ்லைடு தெரிகிறது, வரைபட ஸ்லைடு தெரியவில்லை என்று பொருள். இயந்திரத்தின் ரேட்டட் திறன் 2000 கிலோவாட். அதற்கு மேல் அது தராது. வேகத்தை 24 ஆக்கினால் சூத்திரம் 17,000 கிலோவாட் என்று சொல்லும், இயந்திரம் அதே 2000தான் தரும். மிச்சம் எங்கே போகிறது என்பதற்குப் பிட்ச் ஸ்லைடில் விடை இருக்கிறது. பிளேடுகள் கொஞ்சம் திரும்பிக்கொண்டு, காற்றைப் பிடிக்காமல் நழுவவிடுகின்றன. 26 ஆக்கினால்? கட்-அவுட்டைத் தாண்டிவிட்டது, இயந்திரம் நிறுத்தப்படும், உற்பத்தி பூஜ்யம்.

கவனித்துப் பாருங்கள், மாறியது ஒரே ஒரு எண். ஆனால் 12ஐத் தொட்டபோதே நாம் நின்றிருந்த நிபந்தனை மாறிவிட்டது. நல்ல பயன்பாட்டுக் கேள்வி செய்யும் முறை இதுதான்: ஸ்லைடு சொல்லாமல் எடுத்துக்கொண்ட ஒரு நிபந்தனையைக் கண்டுபிடியுங்கள், அதை உடையுங்கள். முதல் படியில் நீங்கள் எழுதிவைத்த வாக்கியங்களில் ‘மட்டும்’, ‘போது’ என்று வந்த இடங்களை எல்லாம் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு கேள்வி.

அடர்த்தியை எடுங்கள். 1.225 என்பது 15 டிகிரிக்கு உரியது. ஆரல்வாய்மொழியில் வெயில் நேரத்தில் 33 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். சூடான காற்று லேசானது. கெல்வினில் 288ஐ 306ஆல் வகுத்தால் 0.94. அப்படியானால் 6 மீட்டர் வேகத்தில் 266 கிலோவாட் என்பது சுமார் 250 ஆகக் குறையும். இந்தக் கேள்விக்கு வேண்டிய வாயு விதி காற்றாலை பிபிடியில் இருக்காது. நீங்கள் பிளஸ் ஒன்னில் படித்ததிலிருந்து எடுத்துவர வேண்டும். பயன்பாடு என்பது பெரும்பாலும் இப்படி வெளியிலிருந்து ஒரு துண்டைக் கொண்டுவருவதுதான்.

இன்னொரு நிபந்தனை, எனக்கு மிகவும் பிடித்தது. கணக்குகள் எல்லாம் காற்று ஒரே வேகத்தில் அடிப்பதாக எடுத்துக்கொள்கின்றன. இரண்டு இடங்கள் இருக்கின்றன. முதல் இடத்தில் நாள் முழுக்க 6 மீட்டர். இரண்டாவது இடத்தில் பாதி நேரம் 4, பாதி நேரம் 8. சராசரி இரண்டுக்கும் 6. எங்கே மின்சாரம் அதிகம்? ‘இரண்டும் சமம்’ என்பதே பெரும்பாலானோர் மனதில் முதலில் எழும் விடை. மும்மடிகளைப் போட்டுப் பாருங்கள். முதலிடத்தில் 216. இரண்டாமிடத்தில் 64, 512, சராசரி 288. மூன்றில் ஒரு பங்கு அதிகம். இனி இரண்டாமிடத்தை 2, 10 என்று மாற்றுங்கள். 2 மீட்டரில் இயந்திரம் ஓடவே ஓடாது, பாதி நாள் சும்மா நிற்கும். அப்படியும் மிச்சப் பாதியில் 1000 வருவதால் சராசரி 500, முதலிடத்தைவிட இருமடங்குக்கும் மேல். பாதி நாள் நின்ற இயந்திரம் முழு நாளும் ஓடியதைவிட அதிகம் தருகிறது என்பதை உங்களால் ஒருவருக்குச் சொல்லிப் புரியவைக்க முடிந்தால், மும்மடி என்ற சொல் உங்களுக்கு வசப்பட்டுவிட்டது. வேகம் ரேட்டட் அளவுக்குக் கீழே இருக்கும்வரைதான் இந்தக் கணக்கு செல்லும். எதுவரை செல்லும் என்பதையும் விடையோடு சேர்த்து எழுதுங்கள்.

எந்தச் சூத்திரம் என்று சொல்லாத கேள்வி

மேலே உள்ள கேள்விகள் எல்லாவற்றிலும் எதைப் பயன்படுத்த வேண்டும் என்பது ஓரளவு தெரிந்தே இருந்தது. கடைசிப் படியில் அதையும் மறைக்க வேண்டும். உதாரணம்: ‘ஆடி மாதக் காற்றில் எங்கள் 2000 கிலோவாட் காற்றாலை 30 நாளில் 15 லட்சம் யூனிட் தந்தது என்று ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?’

இதைப் பார்த்ததும் கை ½ρAv³ பக்கம் போகும். வேகம் தரப்படவில்லை, விட்டம் தரப்படவில்லை என்று திணறும். ஆனால் அவை தேவையே இல்லை. 30 நாள் என்பது 720 மணி நேரம். ஒரு நிமிடம்கூட நிற்காமல் முழுத் திறனில் ஓடினாலும் 2000 × 720, அதாவது 14 லட்சத்து 40 ஆயிரம் யூனிட்தான். 15 லட்சம் நடக்காத காரியம். அதே ஆள் 5 லட்சம் என்று சொல்லியிருந்தால்? முழு அளவில் சுமார் 35 சதவீதம். நல்ல காற்று அடிக்கும் மாதத்துக்கு நம்பக்கூடிய எண். பிபிடியின் மிகப் பெரிய சூத்திரத்தை விட்டுவிட்டு ரேட்டட் திறனை மட்டும் எடுக்கத் தெரிந்ததுதான் இங்கே சோதிக்கப்பட்டது.

இப்படிப்பட்ட கேள்வி எழுதுவது கடினம், ஏனென்றால் எழுதும்போதே விடை தெரிந்துவிடும். அதனால் கேள்வியை ஒரு நாள் எழுதி, மூன்று நாள் கழித்து விடை எழுதுங்கள். அதைவிட நல்லது, உடன் படிக்கும் ஒருவரோடு மாற்றிக்கொள்வது. அவர் உடைத்த நிபந்தனை உங்கள் கண்ணில் படாததாக இருக்கும்.

தவறினால் எந்தப் படிக்கு இறங்குவது

பயன்பாட்டுக் கேள்வி ஒன்று தவறிவிட்டது. மறந்ததாலா, புரியாததாலா? இதைப் பிரித்தறிய ஒரு நேரான வழி இருக்கிறது. பிபிடியைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே கேள்வியை மறுபடி செய்யுங்கள். இப்போது வந்துவிட்டால் குறை நினைவில். நினைவுச் சீட்டுகளுக்குத் திரும்பினால் போதும். திறந்து வைத்தும் வரவில்லை என்றால் எத்தனை முறை மனப்பாடம் செய்தாலும் உதவாது. ‘ஏன்’ கேள்விகளுக்கு இறங்க வேண்டும்.

விடையைச் சரிபார்ப்பதற்கு முன் பக்கத்தில் ‘உறுதி’ அல்லது ‘சந்தேகம்’ என்று எழுதி வையுங்கள். சந்தேகம் என்று எழுதித் தவறியதைப் பற்றிக் கவலை வேண்டாம், அதை நீங்கள் எப்படியும் படிப்பீர்கள். உறுதி என்று எழுதித் தவறியவைதான் முதலில் பார்க்க வேண்டியவை. 12 மீட்டருக்கு 2128 என்று உறுதியோடு எழுதியவர் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார், தேர்விலும் அதையே எழுதுவார்.

பிபிடியையே விடைத்தாளாக வைத்துச் சரிபார்ப்பதில் ஓர் ஆபத்து உண்டு. அதில் ஒரு பிழை இருந்தால், ‘Cp அதிகபட்சம் 0.953’ என்று எண் இடம் மாறி அச்சாகியிருந்தால், உங்கள் கேள்விகள் அந்தப் பிழையைச் சரியென்று உறுதிப்படுத்திக்கொண்டே இருக்கும். ஆகவே ஒவ்வொரு முக்கியமான எண்ணையும் ஒரு முறையாவது பாடப்புத்தகத்தோடு ஒப்பிடுங்கள்.

மறுசோதனைக்கு அன்று மாலை ஒரு முறை, மூன்று நாளில் ஒரு முறை, ஒரு வாரத்தில் ஒரு முறை என்று வைத்துக்கொள்ளலாம். நினைவுக் கேள்விகள் அப்படியே இருக்கட்டும். பயன்பாட்டுக் கேள்விகளை மட்டும் ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும், ஏனென்றால் 266 என்ற விடை மனதில் பதிந்துவிட்ட பிறகு அந்தக் கேள்வி நினைவுக் கேள்வியாகிவிடும். இரண்டாம் முறை விட்டத்தை இருமடங்காக்குங்கள், மூன்றாம் முறை உற்பத்தியைக் கொடுத்துக் காற்றின் வேகத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அந்தக் கடைசிக் கேள்வியில் 2000 கிலோவாட் என்று கொடுத்தால் வேகம் எவ்வளவு என்று ஒரே விடை சொல்ல முடியாது. சுமார் 11.8 மீட்டரிலிருந்து 25 மீட்டர் வரை எதுவாகவும் இருக்கலாம். ஒற்றை எண் எழுதியவர் வரைபட ஸ்லைடுக்குத் திரும்ப வேண்டும்.